கிச்சன் சிங்க் அடைப்பு: பாட்டில் டிராப்பா, பி டிராப்பா?

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், எங்க வீட்டு சிங்க்ல தண்ணி நின்னு நின்னுதான் இறங்குது. கீழ இருக்கிறது மடிப்பு மடிப்பான ஃப்ளெக்ஸிபிள் பைப், கழட்டிப் பாத்தா ஒவ்வொரு மடிப்புலயும் சோத்துப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் சேந்து களி மாதிரி ஒட்டியிருக்கு, சிங்க் ஓட்டைல இருக்கிற கப்ளிங்ல சும்மா தட்டைச் சல்லடைதான், அதுல கறிவேப்பில, கடுகு எல்லாம் சுலபமா நழுவிடுது.

இப்ப கப்ளிங்கையே மாத்தி, தூக்கிக் கொட்டுற ஸ்டீல் பாஸ்கெட் உள்ளதா போடலாம்னு இருக்கேன். சிங்க் ஓட்டை மூன்றரை இஞ்ச். அதுக்குக் கீழ மாட்டுற டிராப்லதான் குழப்பம். பிளம்பர் 32 எம்எம் பாட்டில் டிராப் சொல்றாரு, அது வாஷ்பேசினுக்குத்தானே சரி, சிங்க்குக்கு 40 வேணாமா? பாட்டில் டிராப்ல அடிக் கப்பைத் திருகிக் கழுவிக்கலாம், ஆனா பருக்கை அதுலயே தங்கும், பி டிராப்ல உள்ள வழவழன்னு இருக்கிறதால தண்ணியோட போயிடும்னு தோணுது. ரெண்டையும் யூஸ் பண்ணவங்க எது நல்லதுன்னு சொல்லுங்க. பாஸ்கெட்ல எவ்ளோ சின்ன ஓட்டை இருந்தா கடுகு நிக்கும், தண்ணியும் தேங்காது?