சீகன்ட் "விடை கிடைத்துவிட்டது" என்று சொன்ன இடத்தில் விடையே இல்லை: பைசெக்ஷன், சீகன்ட் அனுபவங்கள்

இரவு ஆந்தை

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் ஒரு அவுட்புட்டைக் கொண்டுவந்து காட்டினார். சமன்பாடு எளிமையானதுதான்: x^10 - 1 = 0. மூலம் 1 என்று பார்த்தவுடனே தெரியும். 0, 1.3 என்ற இரண்டு புள்ளிகளில் சீகன்டைத் தொடங்கியிருந்தார், அதாவது கடைசி இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு x அச்சைத் தொடும் இடத்தை அடுத்த புள்ளியாக எடுக்கும் முறை. அடுத்தடுத்த இரண்டு x மதிப்புகளின் வித்தியாசம் 1e-8க்குக் கீழே வந்தால் நிறுத்து என்பது விதி. புரோகிராம் ஒழுங்காக நின்றது. விடை 0.18176 என்று சொன்னது!

உள்ளே என்ன நடந்தது என்று ஒவ்வொரு சுற்றையும் அச்சிட்டுப் பார்த்தோம்.

```
x2 = 0.0943      f = -1.0000
x3 = 0.18176     f = -0.99999996
x4 = 2.2e+06     f = 3e+63
x5 = 0.18176     f = -0.99999996
x6 = 0.18176     f = -0.99999996
```

x2, x3 இரண்டும் வளைவு கிட்டத்தட்ட மட்டமாகக் கிடக்கும் பகுதியில் விழுந்தன. இரண்டிலும் f ஏறக்குறைய -1. அவற்றை இணைக்கும் கோட்டின் சாய்வு 4.5e-7 அளவுதான். அந்தக் கோடு x அச்சைத் தொட 22 லட்சம் வரை போக வேண்டியிருந்தது. அங்கே f என்பது 1க்குப் பின்னால் 63 சுழியம் போடும் அளவு. அந்தப் பிரம்மாண்டமான மதிப்பையும் பழைய புள்ளியையும் இணைத்தால் கோடு செங்குத்தாக நிற்கிறது. அதனால் x5 மறுபடி 0.18176க்கே வந்து நின்றது. அடுத்த அடி 1e-57ஐ ஒட்டிய அளவு, கணினிக்கு அது சுழியம்தான். x6, x5 இரண்டும் ஒன்று. வித்தியாசம் 1e-8க்குக் கீழே, ஆகவே நின்றுவிட்டது.

சீகன்ட் தறிகெட்டு ஓடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓடிய பிறகு அமைதியாகத் திரும்பி வந்து, தவறான இடத்தில் உட்கார்ந்துகொண்டு வெற்றி என்று சொல்வதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. நிறுத்தும் விதியால் இப்படி ஏதாவது சந்தித்தவர்கள் எழுதுங்கள்.

எண்விரும்பி

இதற்காகத்தான் நான் சீகன்ட் பக்கமே போவதில்லை. இடைவெளியைப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும் பைசெக்ஷனுக்கு இரு முனைகளிலும் குறி மாறியிருந்தால் போதும், கண்டிப்பாக மூலத்தைக் கொடுக்கும். உங்கள் கணக்கில் இடைவெளி 1.3. அதை 1e-6க்குச் சுருக்க 21 சுற்று. முன்கூட்டியே எண்ணிச் சொல்லிவிடலாம். அதில் நிறுத்தும் விதி பற்றி யோசிக்கவே தேவையில்லை, ஐம்பது சுற்று என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். தவறான விடை வர வாய்ப்பே இல்லை.

தசமபுள்ளி

எண்விரும்பி சொன்னதில் பாதி ரொம்பச் சரி. சுற்றுகளை முன்கூட்டியே எண்ணிவிடலாம் என்பது பைசெக்ஷனின் பெரிய பலம். ஆனால் "வாய்ப்பே இல்லை" என்பதை ஏற்க முடியாது. tan x எடுத்துக்கொண்டு 1, 2 என்ற முனைகளில் பைசெக்ஷன் போட்டுப் பாருங்கள். tan 1 நேர்மம், tan 2 எதிர்மம். குறி மாறுகிறது, இடைவெளியும் அழகாகச் சுருங்கிக்கொண்டே போகும், கடைசியில் 1.5708 என்று வரும். அது π/2. அங்கே மூலம் கிடையாது, சார்பு அறுந்து மேலே ஒருபக்கமும் கீழே ஒருபக்கமும் போகிற இடம் அது. சார்பு தொடர்ச்சியாக இருந்தால்தான் குறி மாற்றத்துக்கு அர்த்தம். பைசெக்ஷன் குறியை மட்டும் பார்க்கிறது, f எவ்வளவு பெரிது என்று பார்ப்பதே இல்லை. கண்டுபிடிப்பது சுலபம்: இடைவெளி சுருங்கச் சுருங்க |f| குறைய வேண்டும். அது ஏறிக்கொண்டே போனால் நீங்கள் பிடித்திருப்பது மூலம் அல்ல.

சீகன்டை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மனம் வரவில்லை. நியூட்டன் தன் முறையை விளக்க எடுத்துக்கொண்ட x^3 - 2x - 5 இருக்கிறதே, அதை 2, 3 என்று தொடங்கிப் பாருங்கள். 2.0588, 2.0813, 2.0948, 2.0945494 என்று போய், அடுத்ததே 2.0945514815ஐ ஒன்பது தசம இடம் வரை பிடித்துவிடும். சார்பை ஆறே முறை கணக்கிட்டிருப்போம். அதே துல்லியத்துக்கு பைசெக்ஷன் முப்பது சுற்றை நெருங்கும். பைசெக்ஷனில் ஒவ்வொரு சுற்றும் பிழையைப் பாதியாக்கும், அவ்வளவுதான். சீகன்டில் மூலத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு, புதிய பிழை முந்தைய இரண்டு பிழைகளின் பெருக்கலை ஒட்டி வரும். அதனால்தான் கடைசி இரண்டு சுற்றில் இலக்கங்கள் மடமடவென்று கூடுகின்றன.

"மூலத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு" என்பதுதான் அதில் முக்கியம். இரவு ஆந்தையின் தம்பி தொடங்கிய 0 பக்கத்தில் இல்லை.

கணக்குப்பித்து

நான் இப்போதுதான் இதைப் படிக்கிறேன், தவறாகக் கேட்டால் மன்னிக்கவும். x^10 - 1க்கு -1 என்று இன்னொரு மூலமும் இருக்கிறதே அண்ணா, இரண்டு மூலங்களுக்கு நடுவில் மாட்டியதால்தான் 0.18 வந்ததா?

எனக்கும் ஒரு சிக்கல். (x - 2)^3ஐ விரித்து x^3 - 6x^2 + 12x - 8 என்று கொடுத்தார்கள். |f| 1e-6க்குக் கீழே போனால் நிறுத்து என்று எழுதினேன். விடை 2.009 என்று வருகிறது. ஆறு தசமம் கேட்டால் இரண்டு தசமம்தான் கிடைக்கிறது.

இரவு ஆந்தை

இல்லை, -1க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. e^(10x) - e^10 என்று எடுத்தால் மூலம் 1 மட்டும்தான். அதிலும் இடதுபக்கம் வளைவு மட்டமாகக் கிடக்கும், அங்கே இரண்டு புள்ளி அடுத்தடுத்து விழுந்தால் கோடு தொலைதூரத்துக்கு வீசிவிடும். மட்டமான பகுதிதான் காரணம்.

உங்கள் இரண்டாவது கேள்வி என் கேள்வியின் மறுபக்கம். நான் x அடியைப் பார்த்து ஏமாந்த கதையைச் சொன்னேன், உங்களுக்கு f ஏமாற்றியிருக்கிறது. 0.009ஐ மூன்று முறை பெருக்கினால் 7e-7. f சொன்னபடி 1e-6க்குக் கீழேதான் இருக்கிறது, அது பொய் சொல்லவில்லை. மூலத்துக்குப் பக்கத்தில் வளைவு படுத்துக்கிடப்பதால் சிறிய f என்பது சிறிய பிழையைக் குறிக்காது.

தசமபுள்ளி

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, கவனியுங்கள். டாலரன்ஸை 1e-18க்கு இறக்கினாலும் உங்களுக்கு முழுத் துல்லியம் வராது. விரித்து எழுதிய வடிவத்தில் 8, 24, 24, 8 என்ற அளவுள்ள எண்கள் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது 1e-15 அளவிலான உருட்டல் பிழை. அதற்குக் கனமூலம் எடுத்தால் 1e-5. அதாவது 2ஐச் சுற்றி அந்த அகலத்துக்குள் f-இன் குறியே தாறுமாறாக வரும். அதற்குள் போனபின் பைசெக்ஷனும் எந்தப் பாதியை எடுக்கிறது என்பதற்கு அர்த்தமில்லை. இது முறையின் குறை அல்ல, கணக்கை அந்த வடிவத்தில் கொடுத்ததன் விளைவு.

நள்ளிரவு லூப்

பைசெக்ஷனுக்கு நிறுத்தும் விதி வேண்டாம் என்று மேலே ஒருவர் எழுதியிருந்தார். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்களிடம் வந்த ஒரு பழைய கோடில் இப்படி இருந்தது:

```
while b - a > 1e-6:
    m = (a + b) / 2
    if (f(m) > 0) == (f(a) > 0):
        a = m
    else:
        b = m
```

வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. ஒருநாள் யாரோ அலகை மாற்றினார்கள், மூலம் 1e10ஐ ஒட்டிப் போய்விட்டது. ஜாப் முடியவே இல்லை. அந்த அளவில் அடுத்தடுத்த இரண்டு டபுள் எண்களுக்கு நடுவே இருக்கும் தூரமே சுமார் 1.9e-6. a, b இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்களாக வந்த பிறகு நடுப்புள்ளி அவற்றில் ஒன்றாகவே உருண்டுவிடும், இடைவெளி மேற்கொண்டு சுருங்காது. `m == a or m == b` என்றால் வெளியேறு என்று ஒரு வரி சேர்த்தோம், சரியாகிவிட்டது. டாலரன்ஸையும் x-இன் அளவுக்குத் தக்கபடி பெருக்கிப் போட்டோம்.

எண்விரும்பி

சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐம்பது சுற்று என்று எண்ணிப் போட்டிருந்தால் இந்தத் தொங்கல் வந்திருக்காதே?

நள்ளிரவு லூப்

வந்திருக்காது, உண்மைதான். எத்தனை சுற்று வீண் என்பது மட்டும் தெரியாமல் போயிருக்கும்.

கொதிகலன்

நீங்கள் எல்லோரும் மில்லிசெகண்டில் முடியும் சார்புகளைப் பற்றிப் பேசுகிறீர்கள். என்னுடையதில் f ஒருமுறை கணக்கிடவே ஒரு சிமுலேஷன் ஓட வேண்டும், பாதி மணி நேரம் ஆகும். முப்பது சுற்று என்றால் ஒரு பகல் போய்விடும். அதனால் சீகன்டைத்தான் நம்பியிருக்கிறேன். முதல் மூன்று நான்கு சுற்று அருமையாக வருகிறது. அப்புறம் மூலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் திடீரென்று தூரத்துக்கு எகிறிவிடுகிறது. ஆரம்பம் சரியாக இருந்தும் ஏன் கடைசியில் கெடுகிறது?

தசமபுள்ளி

சிமுலேஷனுக்கு உள்ளேயும் ஒரு சுழற்சி ஓடும் அல்லவா, அது எந்த அளவில் நிற்கிறது?

கொதிகலன்

1e-4. மூலத்துக்குப் பக்கத்தில் f-இன் சாய்வு சுமார் 0.02.

தசமபுள்ளி

காரணம் அதுதான். f-இல் 1e-4 ஆட்டம் இருக்கிறது. அதை 0.02ஆல் வகுத்தால் x-இல் 0.005. அதைவிட நுணுக்கமாக மூலத்தைக் கேட்பதில் பயனில்லை. இரண்டு புள்ளிகள் 0.001 தூரத்தில் இருக்கும்போது f-இன் உண்மையான வித்தியாசம் 0.00002 மட்டுமே, ஆட்டம் அதைவிட ஐந்து மடங்கு. நீங்கள் கணக்கிடும் சாய்வு ஆட்டத்தின் சாய்வு. அதன் குறிகூடத் தலைகீழாக வரலாம், அதனால்தான் எகிறுகிறது.

நான் இப்படிச் செய்வேன். முதலில் குறி மாறும் இரண்டு முனைகளைப் பிடித்து வைத்துக்கொள்வேன். சீகன்ட் சொல்லும் புள்ளி அதற்குள் விழுந்தால் எடுத்துக்கொள்வேன், வெளியே போனால் அந்தச் சுற்றுக்கு மட்டும் நடுப்புள்ளி. டெக்கர் 1969இலும் பிரென்ட் 1973இலும் இந்தக் கலப்பைத்தான் செப்பனிட்டார்கள், SciPy நூலகத்தின் `brentq` அந்த வழியில் வந்ததுதான். அப்புறம், முனைகளின் தூரம் 0.005ஐத் தொட்டதும் நிறுத்திவிடுவேன்.

எண்விரும்பி

உள் சுழற்சியை 1e-7க்கு இறக்கினால் பிரச்சினையே இல்லையே?

கொதிகலன்

அதைச் செய்தால் பாதி மணி நேரம் எத்தனை மணி நேரமாகும் என்று தெரியவில்லை. தூரத்தில் இருக்கும்போது 1e-4 வைத்துக்கொண்டு, முனைகள் நெருங்கியதும் இறுக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் அப்படி மாற்றினால் பழைய f மதிப்புகளும் புதியவையும் வேறு வேறு துல்லியத்தில் இருக்கும். அவற்றை வைத்துக் கோடு போடுவது சரிதானா?

தசமபுள்ளி

குறியை மட்டும் நம்புவதாக இருந்தால், |f| 1e-4ஐவிடத் தெளிவாகப் பெரியதாக இருக்கும் பழைய முனைகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சீகன்ட் கோட்டுக்கு அது போதுமா என்பதில் எனக்கே சந்தேகம். இறுக்கிய பிறகு இரண்டு முனைகளையும் ஒருமுறை மறுபடி கணக்கிட்டுவிடுவேன்.

நள்ளிரவு லூப்

ஒரு முனையை மட்டும் மறுபடி கணக்கிட்டால் போதாதா? அடுத்த புள்ளி எப்படியும் இறுக்கிய கணக்கில்தானே வரப்போகிறது.