புதுப்பிப்பு: கொண்டோ தாமத இழப்பீடு, எந்தத் தேதியிலிருந்து?

அன்று நான் கேட்டது: "பினாங்கு கொண்டோ, விலை 500,000 ரிங்கிட். சாவி தாமதம். டெவலப்பர் 150 நாளுக்குத்தான் ஈடு கணக்குப் போடுகிறார். சரிதானா?"

சரியில்லை. வக்கீல் அலுவலகத்தில் இருக்கும் அக்கா சொன்னபடி, சாவி தர வேண்டிய 36 மாதக் கெடுவை ஒப்பந்தத் தேதியிலிருந்து அல்ல, புக்கிங் பணம் கட்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். 2021இல் பிஜேடி ரீஜென்சி வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. நான் கட்டியது ஒப்பந்தத்துக்கு 60 நாள் முன்னால். ஆகத் தாமதம் 210 நாள்.

"நஷ்டத்துக்கு ரசீது காட்டணும்" என்று ஓர் அண்ணன் பதிலில் சொன்னது சரியில்லை. வீட்டு வாடகை ரசீது வைத்திருந்தால் கெடுதல் இல்லை, ஆனால் கொண்டோவுக்குச் சட்டம் வகுத்த ஒப்பந்தப் படிவமான ஷெட்யூல் எச், ஆண்டுக்கு 10% என்று விகிதத்தையே எழுதிவிட்டது; நஷ்டத்தை நிரூபிக்க வேண்டாம்.

டெவலப்பருக்கு எழுதிய கடிதத்தில் தாமத ஈட்டு ஷரத்தை அப்படியே எடுத்து எழுதி, கீழே இதை வைத்தேன்:

```
500,000 × 10% ÷ 365 × 210 = RM28,767.12
```

புக்கிங் ரசீது, ஒப்பந்தத்தின் முதல் பக்கம், சாவி நோட்டீஸ் மூன்றையும் இணைத்தேன். ரசீது இல்லாவிட்டால் அந்த 60 நாளை, அதாவது 8,219 ரிங்கிட்டை, நிரூபிப்பது கஷ்டம்.

டெவலப்பர் இன்னும் தாமதக் கணக்கு முடியும் நாளில் இழுக்கிறார்: நோட்டீஸ் தேதியா, நான் சாவி வாங்கிய தேதியா என்று. தொகை 50,000க்குள் இருப்பதால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் மனுப் போடப்போகிறேன்.