பொருள்: 'வேல்யூ பேஸ்ட் பிரைசிங்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

கஜன் (வெள்ளவத்தை) எழுதியது:

வணக்கம். தொழிற்சாலைகளின் மின்பில்லைக் குறைத்துக் கொடுப்பது என் தொழில். இப்போது இரத்மலானையில் ஒரு ஆடைத் தொழிற்சாலை. அங்கே யூனிற்றுக்குக் கட்டுவது ஒரு பக்கம், மாதத்தில் ஒரே நேரத்தில் ஆகக்கூடுதலாக இழுத்த அளவுக்கு, அதாவது உச்சக் கேள்விக்கு, kVA கணக்கில் கட்டுவது இன்னொரு பக்கம். ஒரு கிழமை அளவுக்கருவி பூட்டிப் பார்த்தேன். உச்சச் சுமை 400 kW. இழுக்கும் வலுவில் உண்மையில் வேலைக்கு உதவும் பங்கான வலுக்காரணி 0.80. கெப்பாசிட்டர் தொகுதி போட்டு 0.95க்குக் கொண்டுவரலாம்.

```
400 ÷ 0.80 = 500 kVA
400 ÷ 0.95 = 421 kVA
```

79 kVA மிச்சம். ஒரு kVAக்கு 1,500 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் மாதம் 118,500. வருடம் 14 இலட்சத்துக்குக் கொஞ்சம் மேலே.

முதலாளி கேட்டது ஒன்றுதான்: "தம்பி, எத்தனை மணித்தியாலம் வேலை?" 60 மணித்தியாலம், மணிக்கு 4,000 என்றால் 240,000 ரூபாய். முதல் தடவை இதே மாதிரி வேலைக்கு எனக்கு 110 மணித்தியாலம் போனது. கைபழகினதுக்குத் தண்டனையா? அதனால் அவருக்கு வரும் இலாபத்தை வைத்து விலை சொல்லப்போகிறேன். கடிதம் தமிழில் கேட்கிறார். 'மிச்சப் பங்கு' என்று போடலாமா?

சிவபாலன் (கொட்டாஞ்சேனை):

கஜன், இதற்குப் புதுச் சொல் தேடவேண்டியதில்லை. வர்த்தகப் பாடத்தில் 'பெறுமதிசார் விலையிடல்' என்று முப்பது வருடமாகப் படிப்பிக்கிறேன். வாங்குபவர் ஒரு பொருளுக்கு மனதில் என்ன பெறுமதி கொடுக்கிறாரோ அதை வைத்து விலை. வாசனைச் சவர்க்காரம் ஒன்றை அழகான பெட்டியில் போட்டால் கூடுதல் விலைக்குப் போகும், அதே கதைதான். 'மதிப்பு' என்று எழுதிவிடாதீர்கள், அது இந்தியப் பாவனை. நாங்கள் வற் வரியையே 'பெறுமதி சேர் வரி' என்கிற ஆட்கள்.

நிஸாம் (தெமட்டகொடை):

அஸ்ஸலாமு அலைக்கும். நல்ல நேரத்தில் வந்த கேள்வி. நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறப்புச் சான்றிதழ் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறேன். அந்தப் பக்கத்தை வைத்துத்தான் ஒரு பிள்ளை வெளிநாட்டுக்கே போகிறது. அப்படியென்றால் நானும் பயணத்தின் பெறுமதியை வைத்து விலை கேட்கலாம்தானே? 'பயன்பாட்டுக் கட்டணம்' என்று சொல் வைத்தால் எனக்கும் உதவும்.

சுகந்தி (தெஹிவளை):

நிஸாம் நானா, 'பயன்பாட்டுக் கட்டணம்' வேறு. எவ்வளவு பாவித்தீர்களோ அவ்வளவுக்குக் காசு, தண்ணீர் பில் மாதிரி. உங்கள் விசயத்தில், அந்தப் பக்கம் இல்லாவிட்டால் பிள்ளை போகமுடியாது என்பது உண்மை. ஆனால் அடுத்த தெருவில் இன்னொருவர் அதே முத்திரையைப் பக்கக் கணக்கில் குத்திக் கொடுப்பார். வாங்குபவர் அந்த விலையைத்தான் பார்ப்பார், பயணத்தை அல்ல. உங்களை விட்டால் வேறு யாரும் செய்யமுடியாத பங்கு எவ்வளவோ, அவ்வளவுக்குத்தான் இந்த முறை ஓடும்.

கஜன் தம்பி, 'மிச்சப் பங்கு' நல்ல சொல், ஆனால் நீர் கேட்கும் பொருளுக்கு அல்ல. அது வேலை முடிந்த பிறகு மிச்சத்தை அளந்து பிரிப்பது. நீர் செய்யவேண்டியது முன்கூட்டியே தொகையைப் பேசி முடித்துவிடுவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் சண்டை வரும். எங்கள் கணக்காளர் துறையிலும் கணக்காய்வுக்கு விளைவைப் பொறுத்துக் கட்டணம் வாங்கக்கூடாது என்று நெறிக்கோவை தடுக்கிறது, முன்பேசிய தொகைக்குத் தடையில்லை. அங்கே சொல் மாறினால் குற்றமே மாறும்.

ஏன் முன்பேச வேண்டும் என்கிறேன் என்றால், 2022இலிருந்து மின்கட்டணம் எத்தனை தரம் ஏறி இறங்கியது என்று உமக்கே தெரியும். ரூபாயில் பங்கு பேசினால் கட்டணம் குறைந்த மாதம் உமது பங்கும் குறையும். உமது வேலையில் ஒரு குறையும் இருக்காது. ஓடர் குறைந்து ஒரு தையல் வரிசையை நிறுத்தினால் kVA தானாக விழும், அதற்கும் உமக்குப் பங்கா என்று முதலாளி கேட்பார். கேட்பது நியாயம்தான்.

கஜன்:

அக்கா, அதைக் கண்டுபிடிக்கலாம். kVA விழுந்து வலுக்காரணி அதே 0.80இல் நின்றால் சுமைதான் குறைந்தது, என் வேலை அல்ல. வலுக்காரணி ஏறியும் kVA குறையாவிட்டால் அவர்கள் புது இயந்திரம் பூட்டியிருக்கிறார்கள். போன வருடம் வேறொரு இடத்தில் பங்குக்கு ஒத்துக்கொண்டு நாலு மாதம் இதையே விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி இரண்டு மாதக் காசு இன்னும் வரவில்லை.

சுகந்தி:

அதைத்தான் சொல்கிறேன். முன்பேசிய தொகையிலும் கணக்கு வேண்டும், ஆனால் ஒரே தரம். வேலைக்கு முந்திய ஒப்பீட்டுநிலையை kVAயிலும் வலுக்காரணியிலும் எழுதும், ரூபாய்க்குக் கையெழுத்து வைக்கும் நாளின் கட்டண வீதத்தைப் போடும். கெப்பாசிட்டர் செலவு எவ்வளவு?

கஜன்:

பூட்டுக்கூலியோடு 12 இலட்சம் என்று வைப்போம். அவர்கள்தான் கட்டுவார்கள்.

சுகந்தி:

மூன்று வருட மிச்சம் 42.66 இலட்சம், செலவு கழித்தால் 30.66. நீர் 4.5 இலட்சம் கேளும், ஏறக்குறைய 15 வீதம். அவருக்கு உமது கட்டணமும் சேர்ந்து 16.5 இலட்சம், 14 மாதத்தில் திரும்பிவிடும். இந்தக் கணக்கை நீர் சொல்லாமல் அவர் வாயால் வரவைக்கவேண்டும்: "இந்த 79 kVA ஐயாவுக்கு மாதம் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இரும். அவர் சொன்ன தொகையில் அவர் பேரம் பேசமாட்டார். நீர் சொன்னதில் பேசுவார்.

ஒன்று யோசியும். மோட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் நிறைய இருந்தால் வெறும் கெப்பாசிட்டர் ஆறு மாதத்தில் வீங்கும் என்று எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் புலம்பினார். அந்த ஆபத்து யாருடையது?

கஜன்:

என்னுடையது. அங்கே அவை உண்டு, ஆகவே றியாக்டர் வைத்த தொகுதிதான் எழுதினேன். 12 இலட்சம் அதனால்தான்.

சுகந்தி:

சொல்லுக்கு வருகிறேன். சிவபாலன் சேர் சொன்ன சவர்க்காரம் மனதில் உள்ள பெறுமதி. இது பில்லில் தெரியும் பயன். 'பெறுபயன் கட்டணம்' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

சிவபாலன்:

மன உணர்வு மட்டும் என்று நான் சொன்னது அரைகுறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை, 'பெறுபயன்' வினைத்தொகை. பெற்ற பயன், பெறுகின்ற பயன், பெறும் பயன், மூன்று காலமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. முன்பேசியதையும் பின்பிரித்ததையும் வேறுபடுத்தவேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டு, காலம் காட்டாத சொல்லை வைக்கிறீர்களே? 'பெறுமதிசார் கட்டணம்' என்றால் அந்தச் சிக்கல் இல்லை.

சுகந்தி:

காலத்தை ஒப்பந்தத்தின் வாசகம் சொல்லட்டும், சேர். பின்பிரிப்பதற்குத்தான் 'மிச்சப் பங்கு' இருக்கிறதே.

நிஸாம்:

எனக்குப் பக்கக் கணக்குத்தான் போல.

கஜன்:

சிவபாலன் சேரின் மாணவன் என்பதால் கடிதத்தில் 'பெறுமதிசார் கட்டணம்: 450,000 ரூபாய்' என்று போட்டுக் கொடுத்தேன். முதலாளி அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, இது வற் சேர்த்தா, சேர்க்காமலா?"

விளங்கப்படுத்த பத்து நிமிடம். தொகையில் மட்டும் பேரம் பேசவில்லை. அடுத்த கடிதத்தில் 'பெறுபயன்' போட்டுப் பார்க்கிறேன், சேர் கோவிக்கக்கூடாது.