மாடி சோலார்: 5 கிலோவாட் போட்டும் 15 யூனிட்தான். உங்கள் அனுபவம் எப்படி?

காவிரிக்கரை (திருச்சி)
போன வருஷம் மாடியில் 540 வாட் பேனல் பத்து போட்டோம். ஐந்து ஐந்தாக வரிசையில் கோத்து இரண்டு ஸ்ட்ரிங். வெயில் நாளில் 20 யூனிட்டுக்குக் குறையாது என்றார்கள். முதல் சில மாதங்கள் அப்படித்தான் வந்தது. இப்போது சித்திரை வெயிலிலும் 15-ஐத் தாண்டவில்லை. இன்வெர்ட்டர் திரையில் பெரும்பாலும் பச்சை விளக்குதான். மதியம் மட்டும் எப்போதாவது OV-G-V என்று வந்து தானாகவே போய்விடுகிறது. பொருத்தியவர்களைக் கேட்டால் "எரர் இல்லையே, நார்மல்தான்" என்கிறார்கள். யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

செம்மண் ராஜா
தூசிதான், வேறு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை கழுவினாலே ஏறிவிடும். விடியற்காலையில் கழுவுங்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

காவிரிக்கரை
போன வாரம்தான் கழுவினோம் அண்ணா. அரை யூனிட் கூடியது, அவ்வளவுதான்.

மாடிப்படி மெக்கானிக் (மதுரை)
தூசி இருந்தால் எல்லாப் பேனலிலும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கழுவிய பிறகும் நாலில் ஒரு பங்கு காணாமல் போக அது காரணமாக இருக்காது. எரர் இல்லை என்பதையும் நம்பிவிடாதீர்கள். இன்வெர்ட்டர் தான் நின்றுபோனால்தான் எரர் காட்டும். குறைவாக ஓடினால் அதற்கு ஒரு புகாரும் கிடையாது, பாதி ஸ்ட்ரிங் படுத்துக் கிடந்தாலும் பச்சைதான் எரியும்.

அதனால் எரரை விட்டுவிட்டு, ஸ்ட்ரிங்குக்கு ஒன்றாக PV1, PV2 என்று இருக்கும் எண்களைப் பாருங்கள். வோல்ட்டும் ஆம்பும் தனித்தனியாக வேண்டும். மேகம் இல்லாத ஒரு நாளில் பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் குறித்துப் போடுங்கள். இரண்டு ஸ்ட்ரிங்கும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்பதையும் சொல்லுங்கள்.

பவானி வீடு
எங்கள் வீட்டிலும் சோலார் சரியில்லை. கரண்ட் போனால் வெயில் கொளுத்தினாலும் ஃபேன்கூட ஓடுவதில்லை. NO-GRID என்று காட்டுகிறது. இன்வெர்ட்டரை மாற்றச் சொல்லலாமா?

மாடிப்படி மெக்கானிக்
அது பழுது இல்லைங்க. பேட்டரி இல்லாத, லைனோடு சேர்ந்த இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் நின்றே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கும். கரண்ட் இருக்கும்போது யூனிட் சரியாக வருகிறதா, அதைப் பாருங்கள்.

காவிரிக்கரை
இன்று எடுத்தது. பத்துமே தெற்கு பார்த்தவை.

பன்னிரண்டு மணி: PV1 186 வோல்ட், 10.9 ஆம்ப். PV2 187 வோல்ட், 10.8 ஆம்ப்.
மூன்று மணி: PV1 188 வோல்ட், 8.1 ஆம்ப். PV2 196 வோல்ட், 2.1 ஆம்ப்.

செம்மண் ராஜா
PV2-இல் வோல்ட் கூடத்தானே இருக்கிறது? அப்போது அந்த ஸ்ட்ரிங் நல்லதுதான். PV1-ஐப் பாருங்கள்.

மாடிப்படி மெக்கானிக்
இல்லை ராஜா. வாட் என்பது இரண்டையும் பெருக்கினால் வருவது. மூன்று மணிக்கு PV1 கொடுப்பது 1,500 வாட், PV2 கொடுப்பது 410 வாட்தான். உச்சிவேளையில் இரண்டும் சமமாக இருப்பதால் பேனலும் ஒயரும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஃபியூஸ் போயிருந்தால் அப்போதும் ஒரு பக்கம் ஆம்ப் சுழியமாக இருந்திருக்கும். பேனலுக்குள் டயோடு ஷார்ட் ஆகியிருந்தால் காலையிலிருந்தே அந்தப் பக்கம் பன்னிரண்டு வோல்ட் போலக் குறைந்தே இருக்கும். இது சாயங்கால நிழல். மேற்கே ஏதாவது புதிதாக எழும்பியிருக்கிறதா அம்மா?

காவிரிக்கரை
பக்கத்து வீட்டில் மேலே ஒரு ரூம் எடுத்து அதன்மேல் டேங்க் வைத்திருக்கிறார்கள். நாங்கள் கீழேயே இருப்பதால் கவனிக்கவில்லை. இப்போது ஏறிப் பார்த்தேன், மேற்கோரம் இரண்டு பேனல் முழுசாக நிழலில். ஆனால் ஐந்தில் இரண்டு போனால் மூன்று பங்காவது வர வேண்டாமா? நாலில் ஒரு பங்குதானே வருகிறது?

மாடிப்படி மெக்கானிக்
சரியான கேள்வி. ஐந்தும் வரிசையாகக் கோத்தவை, ஒரே ஆம்ப்தான் எல்லாவற்றிலும் ஓடும். நிழலில் இருப்பது 2 ஆம்ப் விட்டால் வெயிலில் இருப்பதும் 2 ஆம்ப்தான். இதைத் தாண்டிப் போகத்தான் பேனலுக்குள் டயோடு இருக்கிறது. ஆனால் இன்வெர்ட்டர் வோல்ட்டை இறக்கி ஆம்பைக் கூட்டி இழுத்தால்தான் அந்த வழி திறக்கும். உங்களுடையது 196-லேயே உட்கார்ந்துவிட்டது. கீழே 110 பக்கம் இதைவிட நல்ல இடம் இருக்கிறது, அதைத் தேடிப் போகவில்லை.

செட்டிங்கில் ஷேடோ ஸ்கேன் அல்லது எம்.பி.பி.டி. ஸ்கேன் என்று இருக்கும், பெரும்பாலும் அணைத்தே வைத்திருப்பார்கள். பொருத்தியவரின் பாஸ்வேர்டு கேட்கலாம். அதை ஆன் செய்யச் சொல்லிவிட்டு நாளை அதே நேரம் பாருங்கள்.

தோவாளைத் தோட்டம் (குமரி)
எங்கள் வீட்டில் வந்தது வேறு. மழை பெய்த மறுநாள் காலை PV ISO-PRO, அதாவது பேனல் பக்கத்திலிருந்து எர்த்துக்குக் கசிவு என்று வந்து ஓடவே ஓடாது. பத்து பதினொரு மணிக்குக் காய்ந்ததும் எதுவும் நடக்காத மாதிரி எழுந்து ஓடும். ஆள் வந்து பார்க்கும்போது எப்போதும் நல்ல வெயில்!

கடைசியில் தெரிந்த எலெக்ட்ரீஷியன் தம்பி ஈரம் இருக்கும்போதே வந்தார். இன்வெர்ட்டரை நிறுத்தி, டி.சி. ஐசொலேட்டரை அணைத்து, ஸ்ட்ரிங் ஒயரைத் தனியாக்கி மீட்டர் வைத்தார். எட்டுப் பேனல், இரு முனைக்கும் நடுவே 360 வோல்ட், அதாவது பேனலுக்கு 45. பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் 225, மைனஸுக்கும் எர்த்துக்கும் 135. நல்ல ஒயராக இருந்தால் எர்த்தோடு வைக்கும்போது எண் நிலைக்காமல் இறங்கிப் போய்விடுமாம். இது அசையாமல் நின்றது. 135-ஐ 45-ஆல் வகுத்தால் மூன்று. மைனஸ் பக்கத்திலிருந்து மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே தூக்கிப் பார்த்தார். ஒயர் ஸ்டாண்டின் வெட்டு முனையில் உரசி உரசித் தோல் போய்ச் செம்பு தெரிந்தது. எட்டையும் கழற்றியிருந்தால் ஒரு நாள் போயிருக்கும்.

மாடிப்படி மெக்கானிக்
கெட்டிக்காரர். ஒன்று மட்டும் சொல்கிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் சாதா மீட்டரோடு மாடி ஏற வேண்டாம். ஐசொலேட்டரை அணைத்தாலும் பேனல் பக்கம் 360 வோல்ட் உயிரோடுதான் இருக்கும். ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் பொறி அணையாமல் நின்று எரியும். தெரிந்தவர் செய்யட்டும்.

காவிரிக்கரை
ஸ்கேன் ஆன் செய்தாயிற்று. மூன்று மணிக்கு PV2 110 வோல்ட், 8.0 ஆம்ப், 880 வாட்! நாளுக்கு ஒன்றரை யூனிட் கூடியிருக்கிறது. இருந்தாலும் இன்னும் 17-ஐத் தொடவில்லை.

மாடிப்படி மெக்கானிக்
மீதி அந்த OV-G-V தின்பது. லைன் வோல்டேஜ் கூடினால் இன்வெர்ட்டர் கழன்றுகொள்ளும், திரும்பச் சேரச் சில நிமிடம் ஆகும். அதுவும் நல்ல உற்பத்தி நேரத்தில். உச்சிவேளையில் இன்வெர்ட்டர் முனையிலும் ஈ.பி. மீட்டர் பக்கமும் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை
இன்வெர்ட்டரில் 256, கீழே மீட்டரில் 246. நடுவில் நாற்பது மீட்டர் ஒயர், 2.5 ஸ்கொயர்.

மாடிப்படி மெக்கானிக்
அந்தப் பத்து வோல்ட் உங்கள் ஒயரிலேயே ஏறுகிறது. 6 ஸ்கொயர் இழுத்தால் நாலு பக்கம் வரும். ஆனால் தெருவிலேயே 246 இருப்பதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது, டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டேப்பைப் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

செம்மண் ராஜா
கட் ஆகும் வரம்பை 270-க்கு ஏற்றிவிட்டால் முடிந்தது. எங்கள் ஊரில் அப்படித்தான் செய்தார்கள்.

மாடிப்படி மெக்கானிக்
ஏற்றலாம், உங்கள் ஃபிரிட்ஜும் டிவியும் அந்த 270-ஐத்தான் குடிக்கும். வாரியம் ஒத்துக்கொண்ட வரம்பைத் தாண்டுவது வேறு வம்பு.

காவிரிக்கரை
ஒயர் மாற்றியாயிற்று. இன்வெர்ட்டரில் 250, நேற்று 19.4 யூனிட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெருவே 252-க்குப் போகிறது, அன்றைக்கு இரண்டு மூன்று தடவை கழன்றுகொள்கிறது. மனு கொடுத்திருக்கிறோம், இன்னும் யாரும் வரவில்லை. வேறு யார் தெருவிலாவது ஞாயிறு மட்டும் இப்படி ஏறுகிறதா?