'அவனுக்குக் கால் முறிஞ்சுபோச்சுது': உங்கள் ஊர் வழக்குத் தெரிய வேண்டும்

வணக்கம். யாழ்ப்பாணத் தமிழில் உடலுறுப்புகளைப் பற்றிப் பேசும் வாக்கியங்களைச் சேர்க்கிறேன். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என எந்தப் பக்கத்தவரும் பதில் தரலாம்.

'அவன்ரை கால் முறிஞ்சுபோச்சுது' என்றால் 'அவன்ரை' காலோடு ஒட்டியது, நடுவில் 'நேற்று' நுழையாது. 'அவனுக்கு நேற்றுக் கால் முறிஞ்சுபோச்சுது' என்பதோ இயல்பாக வருகிறது. காலுக்குரியவன் காலை விட்டு விலகி, வினையோடு நேரே சேர்ந்துவிட்டான். மொழியியலில் இதைப் புற உடைமை என்று சொல்லலாம். 'நாய் அவனைக் காலிலை கடிச்சுது' என்பதும் இந்த வகைதான், இங்கே உரியவன் செயப்படுபொருளாகவே நிற்கிறான்.

பல மொழிகளில் இந்த அமைப்பு, உரியவருக்கு அந்த நிகழ்வு உறைக்கும்போதுதான் வரும். நோவு தெரியாத ஒன்றுக்கு வராது. தமிழில் அந்த எல்லை எங்கே என்பதுதான் என் கேள்வி. கீழே உள்ளவற்றை வீட்டில் சொல்வீர்களா?

'மேசைக்குக் கால் முறிஞ்சுபோச்சுது.'
'பெட்டியிலை வைக்கேக்கை பிரேதத்துக்குக் கை முறிஞ்சுபோச்சுது.'
'அவனுக்குச் சைக்கிள் உடைஞ்சுபோச்சுது.'

பிரேத வாக்கியம்தான் எனக்கு மிக முக்கியம். உடல் இருக்கிறது, உணர்பவர் இல்லை. சொல்லமாட்டீர்கள் என்றால் அதற்குப் பதில் எப்படிச் சொல்வீர்கள் என்றும் எழுதுங்கள். எழுத்துத் தமிழுக்குத் திருத்த வேண்டாம், வாயில் வருகிறபடியே போதும். ஊரையும் குறிப்பிடுங்கள். அம்மம்மா, அப்பப்பாவிடம் கேட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.