52 மணி 40 நிமிஷம் வரவேண்டிய இடத்துல எக்ஸெல் 4:40னு காட்டுது, உதவி பண்ணுங்க

கவிதா_கணக்கு:
வணக்கம். திருப்பூர்ல ஒரு சின்ன கார்மென்ட்ஸ் யூனிட்ல சம்பளக் கணக்கு பாக்குறேன். செக்கிங் செக்‌ஷன்ல எல்லாருக்கும் மணிக்கணக்குல கூலி, மணிக்கு 80 ரூபா. ஒரு அக்காவோட இந்த வார நேரம் B2ல இருந்து B7 வரைக்கும் 8:30, 9:15, 8:45, 10:00, 7:50, 8:20னு அடிச்சிருக்கேன், கையில கூட்டினா 52:40 வருது ஆனா SUM போட்டா 4:40னு நிக்குது. அதை 80ஆல பெருக்கினா 175.56னு வருது, ஒரு வாரம் முழுக்க நின்னு வேலை பாத்தவங்களுக்கு இதையா கொடுக்க முடியும். இன்னொண்ணு, 7:50 வேலை பாத்த அந்த நாளுக்கு பஞ்சிங் மெஷின் ரிப்போர்ட்ல 7.83னு இருக்கு, சூப்பர்வைசர் நோட்டுல 7.50னு இருக்கு. எதை எப்படி மாத்துறது? சனிக்கிழமை கூலி போடணும்.

முத்து_கோவை:
மேடம் ரொம்ப ஈஸி, கூட்டுற இடத்துல `=TEXT(SUM(B2:B7),"[h]:mm")` போடுங்க, 52:40 வந்துரும்.

ராஜேந்திரன்:
முத்து தம்பி சொன்னதுல அந்த `[h]` சரி, ஆனா TEXT போட்டா அந்த செல் எழுத்தா மாறிடும். நாளைக்கு எல்லாரோட மொத்தத்தையும் கீழ SUM பண்ணா எழுத்தை அது கணக்குலயே சேக்காது, 0னு வரும். அதனால வெறும் SUM மட்டும் வச்சுட்டு, அந்த செல்லுல Ctrl+1 அடிச்சு Customல இதை டைப் பண்ணுங்க:

```
[h]:mm
```

எக்ஸெல்லுக்கு ஒரு நாள்ங்கிறது 1. உங்க மொத்தம் உள்ள 2.1944னு சரியாத்தான் இருக்கு, சாதா h:mm அந்த ரெண்டு நாளை விட்டுட்டு மிச்சத்தை மட்டும் கடிகாரம் மாதிரி காட்டுது. அந்த 2.1944ஐ 80ஆல பெருக்கினதாலதான் 175.56 வந்துச்சு. மணியாக்க 24ஆல பெருக்கணும்:

```
=SUM(B2:B7)*24*80
```

இந்த செல்லுக்கு ஃபார்மேட் Number வைங்க, 4213.33 வரும்.

ஷீலா_நர்ஸ்:
எனக்கும் இதே பிரச்சனை சார், நைட் டியூட்டி ராத்திரி 10 மணிக்கு ஏறி காலைல 6க்கு இறங்குறோம், கழிச்சா வெறும் ######னு வருது, `[h]:mm` வச்சும் மாறல.

ராஜேந்திரன்:
உங்களோடது வேற சிக்கல்ம்மா. 6ல இருந்து 22 போனா மைனஸ், அதை நேரமா காட்டத் தெரியாம கட்டம் போடுது. A2ல ஏறுற நேரம், B2ல இறங்குற நேரம் வச்சு `=MOD(B2-A2,1)` போடுங்க, 8:00 வரும். ஆனா டியூட்டி 24 மணிநேரம் தாண்டினா இது உதவாது, அப்ப தேதியும் சேத்து அடிக்கணும்.

கவிதா, புள்ளி வச்ச நம்பருக்கு வரேன். மெஷின் கொடுக்குற 7.83ல அந்த .83ங்கிறது ஒரு மணிநேரத்தோட பங்கு, 83 நிமிஷம் இல்ல. அதை 60ஆல பெருக்கினா 49.8, அதாவது 50 நிமிஷம். 7.83 C2ல இருந்தா, வெறும் `=C2/24` போட்டு `[h]:mm` வச்சா செல் 7:49னு காட்டும், ஏன்னா மிச்ச 48 செகண்டை அது விட்டுடும். அதனால நிமிஷத்துக்கு ரவுண்ட் பண்ணிடுங்க:

```
=ROUND(C2*60,0)/1440
```

ரெண்டு டெசிமல் இருக்குற வரைக்கும் இது எப்பவும் சரியான நிமிஷத்தைக் கொடுக்கும், ஏன்னா ரவுண்ட் பண்ணதுல போனது அதிகபட்சம் 0.3 நிமிஷம்தான். நோட்டுல இருக்குற 7.50 அப்படி இல்ல, அங்க புள்ளிக்கு அப்புறம் இருக்குறதே நிமிஷம். அது D2ல இருந்தா:

```
=INT(D2)/24+ROUND((D2-INT(D2))*100,0)/1440
```

முத்து_கோவை:
ஒரு காலம்ல இருக்குறது இதுல எதுன்னு தெரியலன்னா எப்படி சார் கண்டுபிடிக்கிறது?

ராஜேந்திரன்:
காலம் முழுக்க பாருங்க. எங்கயாவது .75, .83, .92 மாதிரி 60ஐத் தாண்டி ஒரு நம்பர் இருந்தா அது மெஷின் கணக்கு. எங்கயுமே .59ஐத் தாண்டலன்னா அநேகமா மணி-நிமிஷம்தான். ஆனா தனியா ஒரு 8.30ஐ மட்டும் பாத்து எதுவும் சொல்ல முடியாது, மெஷின்ல அது 8:18, நோட்டுல 8:30. 12 நிமிஷம், உங்க ரேட்டுக்கு 16 ரூபா. அந்த மாதிரி நாளை சூப்பர்வைசர்கிட்ட கேட்டே போடுங்க.

கவிதா_கணக்கு:
ரொம்ப நன்றி அண்ணா, 52:40 வந்துருச்சு, கூலியும் 4213.33 சரியா வருது. ஆனா போன மாச பாக்கிக்கு வச்சிருக்குற ரிப்போர்ட்ல 8.3, 7.8னு ஒரே ஒரு டெசிமல்தான் இருக்கு, அதுக்கும் இதே ஃபார்முலா போடலாமா?

ராஜேந்திரன்:
போடாதீங்க. 8:15ல இருந்து 8:20 வரைக்கும் எதுவா இருந்தாலும் 8.3னுதான் வந்திருக்கும், எந்த ஃபார்முலாவாலயும் அதைப் பிரிக்க முடியாது. மெஷின்ல உள்ளே வந்த நேரம் வெளிய போன நேரம் தனித்தனியா பதிவாகியிருக்கும், அதை எடுக்க முடியுதான்னு பாருங்க.

கவிதா_கணக்கு:
மெஷின் வச்சுக் கொடுத்தவங்ககிட்ட கேட்டிருக்கேன், பழைய பதிவு அழிஞ்சிருக்கலாம்னு சொல்றாங்க. கிடைக்கலன்னா 8.3னு இருக்குற நாளுக்கெல்லாம் 8:20னே வச்சுக் கொடுத்துடலாமான்னு முதலாளிகிட்ட பேசணும்.