புதுப்பிப்பு: ஸ்பானிஷ் அறிமுகம் பேசி முடிச்சாச்சு

அன்னைக்குக் கேட்டது: "முதல் வகுப்புல ஸ்பானிஷ்ல நாலு வரி பேசணும். 'சோய் தியெசினுவேவே அன்யோஸ்'னா 19 வயசுதானே?"

கோத்தகிரி மழைச் சத்தத்துக்கு நடுவுல நேத்து பேசிட்டேன். "ஓலா, மே யாமோ"ன்னு பேரைச் சொல்லிட்டு, "தெங்கோ தியெசினுவேவே அன்யோஸ். சோய் தே கோத்தகிரி. சோய் எஸ்துதியாந்தே."

வயசுக்கு 'சோய்' வராது, 'என்கிட்ட 19 வருஷம் இருக்கு'ங்கிற மாதிரி 'தெங்கோ'தான்னு திருத்தின அக்காவுக்கு நன்றி. 'அனோஸ்'னாலும் புரியும்னு ஒரு அண்ணன் சொன்னது பாதி சரி. புரியும், ஆனா அதுக்கு ஆசனவாய்னு அர்த்தம்! நல்லவேளை, 'ன்யோ'வை அழுத்திட்டேன்.

மாணவர்ங்கிற 'எஸ்துதியாந்தே' முன்னாடி 'ஒரு'ங்கிற 'உன்' சேர்த்து மார்க் போச்சுன்னு ஒரு தம்பி எழுதியிருந்தான், நான் சேர்க்கலை. 'யாமோ'வா 'ஜாமோ'வா? டீச்சர் ஒண்ணு சொல்றாங்க, வீடியோல வேற கேக்குது.